யூடியூப் உரிமைகோரல்: ‘பென்டிங்’ முதல் ‘ரிலீஸ்ட்’ வரை யார் தீர்ப்புச் சொல்கிறார்கள்?

எமது பாடசாலையின் பரிசளிப்பு விழாக் காணொளியைப் பாடசாலையின் யூடியூப் சனலில் பதிவேற்றிய அன்று மாலை, ஒரு மாணவியின் தாயார் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “சேர், மகள் கிராஅத் ஓதுற இடத்துல கடன் அட்டை விளம்பரம் ஒண்டு வருது. பாடசாலை காசுக்காகவா இப்பிடிச் செய்யுது?” என்று கேட்டார். குரலில் கோபத்தை விட வருத்தமே அதிகம் இருந்தது.

எமது சனலில் விளம்பர வருமானம் பெறும் வசதி இல்லை. அதற்கு நாம் விண்ணப்பித்ததும் இல்லை. அப்படியானால் விளம்பரம் எங்கிருந்து வந்தது? கணினியைத் திறந்து பார்த்தேன். காணொளிக்கு எதிரே ‘Copyright’ என்ற சொல் நின்றது. வெளிநாட்டு ஒலிப்பதிவு விநியோக நிறுவனமொன்று, அந்தக் காணொளியின் ஒன்றரை நிமிடப் பகுதி தனக்குச் சொந்தம் என்று உரிமை கோரியிருந்தது. அது ஒன்பதாம் தரத்தில் படிக்கும் அந்தப் பிள்ளை, எமது மண்டபத்தில், எமது ஒலிவாங்கியின் முன்னால் நின்று ஓதிய பகுதி.

அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு மேலாக இந்த விவகாரத்தின் பின்னால் அலைந்தேன். இதே காலத்தில் சக ஆசிரியர் ஒருவருக்கும் இதே போன்ற சிக்கல் ஏற்பட்டது. அவருடைய முடிவு வேறு, என்னுடைய முடிவு வேறு. பாடசாலைகள், பள்ளிவாசல்கள், மத்ரஸாக்கள், ஊர்ச் சங்கங்கள் எல்லாம் இன்று யூடியூப் சனல் வைத்திருக்கின்றன. உரிமைகோரலை எதிர்த்த பிறகு திரையில் தோன்றும் ஒவ்வொரு சொல்லுக்கும் உண்மையில் என்ன பொருள் என்பதைப் புரியாமலேயே பலர் பயந்து காணொளியை அழித்துவிடுகிறார்கள், அல்லது துணிந்து சனலையே ஆபத்தில் போட்டுவிடுகிறார்கள். நான் கற்றதை இங்கே பகிர்கிறேன்.

உரிமைகோரல் என்பது என்ன?

யூடியூப் 2007ஆம் ஆண்டு முதல் ‘கன்டென்ட் ஐடி’ என்ற தானியங்கி முறையொன்றை நடத்தி வருகிறது. பெரிய இசை, திரைப்பட, ஒலிப்பதிவு நிறுவனங்கள் தமது ஆக்கங்களின் மாதிரிக் கோப்புகளை யூடியூபிடம் ஒப்படைக்கின்றன. நாம் ஒரு காணொளியைப் பதிவேற்றும்போது, அதன் ஒலியும் ஒளியும் அந்த மாதிரிகளுடன் கைரேகை ஒப்பிடுவது போல ஒப்பிடப்படும். பொருத்தம் இருப்பதாக இயந்திரம் முடிவு செய்தால், அந்த நிறுவனத்தின் பெயரில் உரிமைகோரல் தானாகப் பதிவாகிவிடும். அந்த நிமிடத்தில் எந்த மனிதரும் உங்கள் காணொளியைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை.

பொருத்தம் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நிறுவனம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கும். ஒன்று, காணொளியைத் தடை செய்வது. இரண்டு, அதில் விளம்பரம் போட்டு வருமானத்தைத் தான் எடுத்துக்கொள்வது. மூன்று, பார்வையாளர் எண்ணிக்கையை மட்டும் கவனித்துக்கொண்டிருப்பது. எமக்கு நேர்ந்தது இரண்டாவது. எமது சனலில் வருமான வசதி இல்லாவிட்டாலும் உரிமை கோரியவர் விளம்பரம் போடலாம். அந்தத் தாயாரின் கேள்விக்கான விடை அதுதான்.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் இருத்த வேண்டும். உரிமைகோரல் வேறு, ‘ஸ்ட்ரைக்’ எனப்படும் பதிப்புரிமை எச்சரிக்கை வேறு. உரிமைகோரல் அந்த ஒரு காணொளியைத்தான் பாதிக்கும். ஸ்ட்ரைக் சனல் முழுவதையும் பாதிக்கும். 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சனலே மூடப்படலாம். முதலாவது நிலையில் இருக்கும் ஒருவர், தெரியாமல் இரண்டாவது நிலைக்குள் நடந்து போய்விடக்கூடாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்க்கும் முன் சரியான காரணம்

முதலில் அந்த உரிமைகோரலைத் திறந்து, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை உரிமை கோரப்பட்டிருக்கிறது, எந்த ஒலிப்பதிவின் பெயரால் கோரப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கேயே அந்தப் பகுதியைக் கேட்டுப் பார்க்கலாம். நான் கேட்டேன். உரிமை கோரப்பட்டது ஒரு பிரபல காரியின் ஒலிப்பதிவு. எமது மாணவி பல வருடங்களாக அந்தக் காரியின் ஓதலைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். அதே வசனங்கள், தஜ்வீத் விதிப்படி அதே இடங்களில் அதே நீட்டல், அதே ராகம். இயந்திரம் இரண்டையும் ஒன்றென எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்று நான் ஊகித்தேன்.

எதிர்ப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் நான்கு காரணங்களில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்கிறார்கள்: Original content, License, Fair use, Public domain. அதாவது, இது எனது சொந்த ஆக்கம். பயன்படுத்த எனக்கு அனுமதி இருக்கிறது. இது நியாயமான பயன்பாடு. இதற்கு எவரும் உரிமையாளர் இல்லை.

எமது ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேசியபோது பலரும் கடைசிக் காரணத்தையே சொன்னார்கள். “குர்ஆனுக்கு யார் சேர் பதிப்புரிமை கோரலாம்?” என்று ஒருவர் கேட்டார். உணர்வளவில் அது சரியான கேள்விதான். ஆனால் படிவத்துக்கு அது சரியான விடையல்ல. திருமறை வசனங்களுக்கு எந்த நிறுவனமும் உரிமை கோரவில்லை. ஒரு காரி ஓத, அதை ஒரு நிறுவனம் ஒலிப்பதிவு செய்த அந்தப் பதிவுக்கே உரிமை கோரப்படுகிறது. வசனம் பொதுவானது என்று நாம் எழுதினால், “வசனம் பொதுவானதுதான், எங்கள் ஒலிப்பதிவு பொதுவானதல்ல” என்று அவர்கள் இலகுவாக மறுத்துவிடலாம். நாம் நிரூபிக்க வேண்டியது, அந்த ஒலிப்பதிவு எமது காணொளியில் இல்லவே இல்லை என்பதைத்தான்.

எனவே முதலாவது காரணத்தைத் தெரிவு செய்து, மூன்று வாக்கியங்கள் மட்டும் எழுதினேன். இது இன்ன திகதியில் எமது பாடசாலை மண்டபத்தில் எமது மாணவி நேரடியாக ஓதியது. பாடசாலையின் கெமராவால் பதிவானது. இதில் வேறு எந்த ஒலிப்பதிவும் ஒலிபரப்பப்படவில்லை, மாணவி ஓதுவது காட்சியிலேயே தெரிகிறது. படிவத்தின் முடிவில், சொன்னவை உண்மை என்று உறுதிப்படுத்தி முழுப்பெயரைக் கையொப்பமாக இட வேண்டும். பொய்யான எதிர்ப்புகளைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் சனலுக்கே தண்டனை வரலாம் என்பதையும் அங்கே எச்சரிக்கிறார்கள்.

ஜூன் 10ஆம் திகதி காணொளி பதிவேற்றப்பட்டது. ஜூன் 12ஆம் திகதி நான் எதிர்ப்பைச் சமர்ப்பித்தேன்.

பென்டிங்: யாருடைய மேசையில் இருக்கிறது?

சமர்ப்பித்தவுடன் விவகாரம் ‘பென்டிங்’ நிலைக்கு, அதாவது பதிலுக்காகக் காத்திருக்கும் நிலைக்குச் சென்றது. நான் ஒவ்வொரு நாளும் காலையில் திறந்து பார்த்தேன். யூடியூபின் அலுவலகத்தில் எங்கோ ஓர் அதிகாரி எமது காணொளியைப் பார்த்துக்கொண்டிருப்பார், சில நாட்களில் நீதியான முடிவு வரும் என்று நினைத்தேன். பெரும்பாலானோர் செய்யும் பிழை இதுதான்.

பென்டிங் என்றால் உங்கள் எதிர்ப்பு உரிமை கோரிய நிறுவனத்திடம் அனுப்பப்பட்டிருக்கிறது என்று பொருள். யூடியூப் நடுவராக இருந்து யார் சரி, யார் பிழை என்று தீர்ப்பதில்லை. உங்கள் மீது குற்றம் சாட்டியவரிடமே, “இவர் இல்லையென்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்கப்படுகிறது. பதில் சொல்ல அவருக்கு 30 நாட்கள் அவகாசம்.

இந்த 30 நாட்களில் நான்கில் ஒன்று நடக்கும். அவர் உரிமைகோரலை விட்டுவிடலாம். அதை நிலைநிறுத்தலாம். காணொளியை நீக்கும்படி சட்டபூர்வமான கோரிக்கை அனுப்பலாம். எதுவும் செய்யாமல் காலத்தைக் கடத்தலாம். மூன்றாவது நடந்தால் காணொளி நீக்கப்பட்டு ஸ்ட்ரைக் விழும். ஆகவே முதற்கட்ட எதிர்ப்பும் ஆபத்தே இல்லாத விடயமல்ல.

வருமானம் பெறும் சனல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காலத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. உரிமைகோரல் வந்து ஐந்து நாட்களுக்குள் எதிர்ப்பைச் சமர்ப்பித்தால், உரிமைகோரல் வந்த முதல் நாளிலிருந்தே அந்தக் காணொளியின் வருமானம் இரு தரப்புக்கும் கொடுக்கப்படாமல் தனியே தடுத்து வைக்கப்படும். முடிவு யாருக்குச் சாதகமோ, பணம் அவருக்குப் போகும். ஐந்து நாட்களுக்குப் பின்னர் எதிர்த்தால், எதிர்த்த நாளிலிருந்து வரும் வருமானம் மட்டுமே தடுத்து வைக்கப்படும். இடைப்பட்ட நாட்களின் பணம் உரிமை கோரியவருக்கே. “பிறகு பார்ப்போம்” என்று ஒரு வாரம் விட்டால், பரபரப்பாகப் பார்க்கப்படும் முதல் வாரத்தின் வருமானம் கைநழுவிப் போகும்.

ரிலீஸ்ட்: விடுவிக்கப்பட்டதற்கு இரண்டு பொருள்

முப்பது நாட்கள் முடிந்தன. நிறுவனத்திடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. ஜூலை நடுப்பகுதியில் மின்னஞ்சல் வந்தது. உரிமைகோரல் காலாவதியாகி விடுவிக்கப்பட்டிருக்கிறது. விளம்பரம் போய்விட்டது. அந்தத் தாயாருக்கு நானே அழைப்பெடுத்துச் சொன்னேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

எமது அதிபர் இதை ஒரு வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். நான் அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்ல வேண்டும். விடுவிப்பு இரண்டு வழிகளில் வரும். உரிமை கோரியவர் உங்கள் விளக்கத்தைப் பார்த்து, பிழை தம்முடையது என ஏற்றுக்கொண்டு விடுவிப்பது ஒன்று. அவர் பதிலளிக்காததால் 30 நாள் கெடு முடிந்து தானாக விடுபடுவது மற்றது. எமக்குக் கிடைத்தது இரண்டாவது. நாம் சரி என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்கு வராததால் வழக்கு தள்ளுபடியானது போன்றது அது.

நடைமுறையில் பலன் ஒன்றுதான். காணொளி மீதிருந்த கட்டுப்பாடு நீங்கிவிடும், தடுத்து வைத்த வருமானம் இருந்தால் அது பதிவேற்றியவருக்கு வரும். ஆனால் இந்த விடுவிப்பு அந்த ஒரு காணொளி மீதான அந்த ஓர் உரிமைகோரலுக்கு மட்டுமே உரியது. அதே மாணவி அடுத்த வருடம் மீலாத் விழாவில் அதே ராகத்தில் ஓதி, அதை நாம் புதிதாகப் பதிவேற்றினால் இயந்திரம் மீண்டும் அதே பிழையைச் செய்யலாம். வேறொரு நிறுவனமும் இதே காணொளிக்கு உரிமை கோரலாம். அதனால் எதிர்ப்பில் நான் எழுதிய அந்த மூன்று வாக்கியங்களையும், விடுவிப்பு மின்னஞ்சலையும் பாடசாலைக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

இத்தகைய பிழைகள் எவ்வளவு நடக்கின்றன? யூடியூப் தனது முதலாவது பதிப்புரிமை வெளிப்படைத்தன்மை அறிக்கையை 2021இல் வெளியிட்டது. அந்த வருடத்தின் முதல் ஆறு மாதங்களில் 72 கோடிக்கும் அதிகமான உரிமைகோரல்கள் பதிவாகின. அவற்றில் எதிர்க்கப்பட்டவை சுமார் 37 இலட்சம் மட்டும், நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. எதிர்க்கப்பட்டவற்றில் சுமார் 60 சதவீதம் பதிவேற்றியவர்களுக்குச் சாதகமாக முடிந்தன. ஆனால் இதை வாசித்துவிட்டு, எதிர்த்தால் அரைவாசிக்கு மேல் வெல்லலாம் என்று கணக்குப் போடக் கூடாது. எதிர்த்தவர்களில் பலர் தம் பக்கம் நியாயம் இருப்பதை அறிந்தே எதிர்த்திருப்பார்கள்.

அப்ஹெல்ட்: நிலைநிறுத்தப்பட்டால்

இனி என் நண்பரின் கதை. அவர் அயல் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவர். கொரோனாக் காலத்தில் தொடங்கிய அவரது சனலில் சாதாரண தர மாணவர்களுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட பாடங்கள் இருக்கின்றன. மின்னோட்டம் பற்றிய ஒரு பாடத்தின் ஆரம்பத்தில் 18 செக்கனும் முடிவில் 40 செக்கனும் ஒரு திரைப்பட இசையை அவரது மருமகன் சேர்த்துவிட்டார். உரிமைகோரல் வந்தது. நண்பர், “இது கல்விக் காணொளி, கொஞ்ச நேரம்தான் வருகிறது, இசை யாருடையது என்றும் கீழே போட்டிருக்கிறேன்” என்று எழுதி, நியாயமான பயன்பாடு என்ற காரணத்தில் எதிர்த்தார். ஆறாம் நாளே பதில் வந்தது. எதிர்ப்பு நிராகரிக்கப்பட்டது, உரிமைகோரல் நிலைநிறுத்தப்பட்டது.

அன்றிரவே அழைத்தார். “சேர், யூடியூபே சொல்லிட்டுது நான் கள்ளன் எண்டு” என்றார். இல்லை. அப்ஹெல்ட் என்பது யூடியூபின் தீர்ப்பல்ல. உரிமை கோரியவர் உங்கள் விளக்கத்தை ஏற்கவில்லை, தமது கோரலில் உறுதியாக நிற்கிறார் என்பது மட்டுமே அதன் பொருள். உரிமைகோரல் மீண்டும் முழுமையாக நடைமுறைக்கு வரும். ஆனால் ஸ்ட்ரைக் விழாது. சனலுக்கு எதுவும் ஆகாது. வருமானம் தடுத்து வைக்கப்பட்டிருந்தால், ஐந்து நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யாதபோது அது உரிமை கோரியவருக்குப் போய்விடும்.

உரிமை கோரியவரே தீர்ப்பளிப்பது எவ்வளவு தூரம் பிழையாகப் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம் 2012இல் நடந்தது. ஒருவர் காட்டுக் கீரைகள் பறிப்பதைப் பற்றி வெட்டவெளியில் எடுத்த காணொளியின் பின்னணியில் பறவைகளின் ஒலி மட்டுமே கேட்டது. அதற்கு ரம்பிள்ஃபிஷ் என்ற இசை உரிம நிறுவனத்தின் பெயரில் உரிமைகோரல் வந்தது. அவர் எதிர்த்தார். நிறுவனம் பரிசீலித்து, உரிமைகோரலை நிலைநிறுத்தியது. விடயம் இணையத்தில் பரவி எதிர்ப்பு எழுந்த பின்னரே அது பிழை என ஏற்கப்பட்டு விடுவிக்கப்பட்டது. அக்காலத்தில், நிலைநிறுத்தப்பட்ட பின் போவதற்குச் சாதாரண மனிதருக்கு வேறு வாசல் இருக்கவில்லை. அதே வருடம் ஒக்டோபரில்தான் யூடியூப் மேன்முறையீட்டு முறையை அறிமுகப்படுத்தியது.

மேன்முறையீடு: விளையாட்டு மாறும் இடம்

நண்பர் கோபத்தில் மேன்முறையீட்டுப் பொத்தானை அழுத்தத் தயாராக இருந்தார். அதை அழுத்துவதற்கு முன் அந்தக் கட்டத்தின் இயல்பை விளங்கிக்கொள்ள வேண்டும்.

மேன்முறையீடு செய்ததும் மீண்டும் பென்டிங் நிலை வரும். இம்முறை உரிமை கோரியவருக்கு அவகாசம் ஏழு நாட்கள் மட்டுமே. முன்னர் இதுவும் 30 நாட்களாக இருந்து 2022இல் குறைக்கப்பட்டது. இந்தக் கட்டத்தில் அவர் வெறுமனே “நிலைநிறுத்துகிறேன்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒன்றில் விட்டுவிட வேண்டும், அல்லது காணொளியை நீக்கும்படி சட்டபூர்வமான கோரிக்கை அனுப்ப வேண்டும். ஏழு நாட்கள் பேசாமல் இருந்தால் உரிமைகோரல் காலாவதியாகி விடுபடும்.

மேன்முறையீட்டின் பலமும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. பிழையாக உரிமை கோரியவர், சட்டபூர்வ கோரிக்கை அனுப்பும் அளவுக்குப் போகத் தயங்குவார். ஏனெனில் அது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் பொறுப்புக்கூற வேண்டிய ஆவணம். ஆகவே பறவை ஒலி போன்ற சம்பவங்களில் மேன்முறையீடு நல்ல ஆயுதம். ஆனால் உண்மையான உரிமையாளர் தயங்க மாட்டார். அவர் கோரிக்கை அனுப்பினால் காணொளி நீக்கப்படும், ஸ்ட்ரைக் விழும். சில வேளைகளில் அவர் ஏழு நாட்களின் பின் நடைமுறைக்கு வரும் விதமாகக் கோரிக்கையை அனுப்புவார். அந்த ஏழு நாட்களுக்குள் மேன்முறையீட்டை வாபஸ் பெற்றால் ஸ்ட்ரைக்கைத் தவிர்க்கலாம். அந்த மின்னஞ்சலைக் கவனிக்காமல் விடுவது பெரும் தவறு.

காணொளி முற்றாகத் தடை செய்யப்பட்டிருந்தால், முதற்கட்ட எதிர்ப்பைத் தாண்டி நேரடியாக மேன்முறையீட்டுக்குப் போகும் வசதியும் தரப்படுகிறது. 30 நாட்களுக்குப் பதில் ஏழு நாட்களில் முடிவு வரும். அவசரமான நிகழ்ச்சிக் காணொளிகளுக்கு இது உதவும். ஆனால் மேலே சொன்ன ஆபத்து முதல் நாளிலேயே தொடங்கிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

நீக்கப்பட்ட பின்னரும் ஒரு வழி இருக்கிறது. எதிர் அறிவித்தல் அனுப்பலாம். அதில் உங்கள் உண்மையான பெயரையும் முகவரியையும் கொடுக்க வேண்டும். அவை எதிர்த்தரப்புக்கு அனுப்பப்படும். அமெரிக்க நீதிமன்றமொன்றின் நியாயாதிக்கத்தையும் ஏற்பதாகச் சொல்ல வேண்டும். அதன் பின்னர் உரிமை கோரியவர் 10 அமெரிக்க வேலை நாட்களுக்குள், தாம் சட்ட நடவடிக்கை எடுத்திருப்பதற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காணொளி மீளக் கொண்டுவரப்படும். காணொளியில் உள்ள ஒவ்வொரு செக்கனும் தன்னுடையது என்று உறுதியாகத் தெரிந்தவர் மட்டுமே, அதுவும் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்டுவிட்டு, செல்ல வேண்டிய பாதை அது.

நண்பர் என்ன செய்தார்?

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “அந்த இசை உங்கட காணொளியில் இருக்குதா, இல்லையா?” இருக்கிறது என்றார். “மின்னோட்டம் படிப்பிக்க அது தேவையா?” இல்லை என்றார். அவரது வாதம் அங்கேயே முடிந்தது.

குறைந்த செக்கன்கள் என்பதாலோ, உரிமையாளரின் பெயரைக் குறிப்பிட்டதாலோ ஒரு பயன்பாடு தானாக நியாயமானதாகிவிடாது. இத்தனை செக்கன் வரை பரவாயில்லை என்று எந்த விதியும் இல்லை. எமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் நியாயமான பயன்பாட்டுக்கு இடமுண்டு, கற்பித்தலும் அதில் சொல்லப்படுகிறது. ஆனால் ஒரு பாடலை ஆராய்ந்து கற்பிப்பதற்காக அதன் ஒரு பகுதியை ஒலிக்கவிடுவதும், பாடத்துக்கு அலங்காரமாக இசை போடுவதும் ஒன்றல்ல.

மேன்முறையீட்டுக்குப் போயிருந்தால் உரிமையாளர் நீக்கல் கோரிக்கை அனுப்பியிருக்கக் கூடும். 58 செக்கன் இசைக்காக, நூற்றுக்கும் மேற்பட்ட பாடங்கள் உள்ள சனலில் ஒரு ஸ்ட்ரைக். அதற்குப் பதிலாக யூடியூப் ஸ்டூடியோவிலேயே இருக்கும் வசதியைப் பயன்படுத்தினோம். உரிமை கோரப்பட்ட பகுதியை வெட்டி எடுக்கலாம், அந்தப் பாடலின் ஒலியை மட்டும் நீக்கலாம், அல்லது யூடியூபின் இலவச இசைத் தொகுப்பிலிருந்து வேறொன்றை மாற்றிப் போடலாம். நண்பர் இரண்டு துண்டுகளையும் வெட்டினார். திருத்தம் சேமிக்கப்பட்டு முடிந்ததும் உரிமைகோரல் தானாகவே நீங்கியது. காணொளியின் இணைப்பும், பார்வையாளர் எண்ணிக்கையும், மாணவர்களின் பின்னூட்டங்களும் அப்படியே இருந்தன. அழித்துவிட்டு மீண்டும் ஏற்றியிருந்தால் அவை அனைத்தும் போயிருக்கும்.

இரண்டு காணொளிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வேறுபாடு தெளிவாகிறது. எனது விடயத்தில் உரிமை கோரப்பட்ட ஒலிப்பதிவு காணொளியில் இல்லவே இல்லை. அதனால் எதிர்த்தேன். நிலைநிறுத்தப்பட்டிருந்தாலும் தயங்காமல் மேன்முறையீடு செய்திருப்பேன். அவருடைய விடயத்தில் அது இருந்தது. எதிர்ப்பதற்கு முன்பே வெட்டியிருந்தால், ஆறு நாள் கவலையும் மிஞ்சியிருக்கும்.

இந்த வருடப் பரிசளிப்பு விழாவுக்கு அதே மாணவியையே ஓத அழைத்திருக்கிறோம். இம்முறை மேடையையும் ஒலிவாங்கியையும் அவரது முகத்தையும் ஒரே காட்சியில் தெளிவாகப் பதியும்படி கெமரா எடுக்கும் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பின்னணியில் எந்த இசையும் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். மீண்டும் உரிமைகோரல் வந்தால், கோப்பில் இருக்கும் அந்த மூன்று வாக்கியங்களில் திகதியை மட்டும் மாற்றினால் போதும்.